டிவிடெண்ட், போனஸ், ஸ்பிளிட்: புதியவர்கள் பணத்தை விடும் இடங்கள்

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அடுத்த வாரம் டிவிடெண்ட் வருது, இப்ப வாங்கிப் போட்டா கிடைக்கும்தானே?" கிடைக்கும். 2021இல் நானும் இதையே கேட்டு, வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டேன். டீமேட் கணக்கு எப்படித் திறப்பது போன்றவற்றை விட்டுவிட்டு, எனக்குப் பணம் போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

டிவிடெண்டுக்காகவே பங்கு வாங்குவது

இன்றும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். 500 ரூபாய்க்கு விற்ற ஒரு பங்கு, 20 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்திருந்தது. டிவிடெண்ட் யாருக்கு என்று முடிவாகும் ரெகார்ட் தேதிக்கு முன்பு 1,000 பங்குகள் வாங்கினேன். ஐந்து லட்சம் ரூபாய். 20,000 ரூபாய் டிவிடெண்ட் வந்ததும் விற்றுவிட்டு வெளியேறலாம் என்பது திட்டம்.

எக்ஸ் தேதியன்று, அதாவது வாங்குபவருக்கு இனி அந்த டிவிடெண்ட் கிடைக்காத முதல் நாளில், பங்கு 480 ரூபாய் அளவில் வர்த்தகமானது. அதில் அநியாயம் ஏதும் இல்லை. நேற்றுவரை கம்பெனியின் கையில் இருந்த 20 ரூபாய் இனி அதனுடையது அல்ல. அந்தப் பணம் இல்லாத கம்பெனிக்கு 500 ரூபாய் கொடுக்க யார் வருவார்கள்? சந்தை வேறு காரணங்களுக்காக ஏறி இறங்குவதால் ஒவ்வொரு முறையும் சரியாக 20 குறைவது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "விலை குறையவே இல்லையே" என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த நாளில் டிவிடெண்ட் இல்லாமலிருந்தால் விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

பொருளாதார அறிஞர்கள் மெர்டன் மில்லரும் ஃபிராங்கோ மோடிலியானியும் 1961இல் சொன்னது இதன் விரிவுதான். வரியும் புரோக்கரேஜும் இல்லாத, எல்லோருக்கும் ஒரே தகவல் கிடைக்கிற உலகில், முதலீட்டுத் திட்டங்களை மாற்றாத ஒரு கம்பெனி எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தாலும் பங்குதாரரின் செல்வம் மாறாது. பணம் வேண்டுமென்றால் நாமே டிவிடெண்ட் தயாரித்துக்கொள்ளலாம். 500 ரூபாய்க்கு 40 பங்குகளை விற்றால் 20,000 ரூபாய் கையில். மீதி 960 பங்குகளின் மதிப்பு 4,80,000. டிவிடெண்ட் வாங்கியவரின் 1,000 பங்குகளும் 480 ரூபாய் வீதம் அதே 4,80,000தான்.

ஆனால் நாம் வாழும் உலகில் வரி உண்டு. என் பணம் போனது அங்கேதான். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து, நம் வரி அடுக்கின்படி வரிக்கு உட்படுகிறது. 30% அடுக்கில் இருந்த எனக்கு, செஸ் சேர்த்து 20,000 ரூபாய்க்கு 6,240 ரூபாய் வரி. பங்கை 480க்கு விற்றதில் 20,000 நஷ்டம் இருக்கிறதே, அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடியாது. அது மூலதன நஷ்டம். மூலதன ஆதாயத்தில்தான் கழிக்க முடியும், டிவிடெண்டில் அல்ல. அந்த வருடம் எனக்கு ஆதாயமே இல்லை. நஷ்டத்தை எட்டு வருடம் எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான், ஆனால் 6,240 ரூபாயை உடனே கட்டியாக வேண்டியிருந்தது.

இப்போது அதே 20,000 ரூபாய் தேவைப்படுபவர், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த, 400 ரூபாய்க்கு வாங்கிய பங்கில் 40ஐ விற்றால் ஆதாயம் 4,000 ரூபாய்தான். பட்டியலிட்ட பங்குகளில் நீண்ட கால ஆதாயம் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. அந்த வரம்பு காலியாக இருந்தால் அவர் கட்ட வேண்டியது பூஜ்யம்.

"டிவிடெண்ட் கூடினால் ஆட்கள் வருவார்கள், விலை ஏறும்"

என் கணக்கைப் பார்த்துவிட்டு டிவிடெண்டே கெட்டது என்று முடிவு செய்வதும் தவறு. வேறு பெரிய வருமானம் இல்லாத ஓய்வுபெற்றவருக்கு வரி அநேகமாக வராது. பங்கை விற்கத் தயங்குபவருக்கு, கணக்கில் தானாக வந்து விழும் பணம் வசதி. 30% அடுக்கில் சம்பளம் வாங்குபவருக்கு, லாபத்தைத் தொழிலிலேயே போடும் கம்பெனி பொருத்தம். இப்படி ஒவ்வொரு டிவிடெண்ட் கொள்கைக்கும் அதற்கேற்ற பங்குதாரர் கூட்டம் சேர்வதையே வாடிக்கையாளர் விளைவு என்கிறார்கள்.

இதிலிருந்து "கொள்கையை மாற்றினால் விலை ஏறும்" என்று தாவிவிடக் கூடாது. டிவிடெண்ட் விரும்புபவர்களுக்குப் போதுமான கம்பெனிகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. இன்னொன்று சேர்ந்தால் ஒரு கூட்டம் விற்றுவிட்டுப் போகும், இன்னொரு கூட்டம் வாங்கும். ஒரு கூட்டம் இன்னொன்றுக்குச் சளைத்ததல்ல என்று மில்லர், மோடிலியானி இருவருமே எழுதியிருக்கிறார்கள். டிவிடெண்டைக் கூட்டிய செய்தியில் விலை ஏறினால், பெரும்பாலும் அது வரப்போகும் லாபத்தைப் பற்றி நிர்வாகம் தரும் சைகைக்கான ஏற்றம்.

"500% டிவிடெண்ட்"

அது சந்தை விலையில் அல்ல, பங்குக்குக் கம்பெனி ஏட்டில் வைத்திருக்கும் முகமதிப்பில் 500%: முகமதிப்பு 2 ரூபாய் என்றால் கிடைப்பது 10 ரூபாய், அவ்வளவுதான்.

போனஸையும் ஸ்பிளிட்டையும் ஒன்றாக எண்ணுவது

முதல் குழப்பம் விகிதத்தில். 1:1 போனஸ் என்றால் கையில் இருக்கும் ஒன்றுக்கு இன்னொன்று கூடுதல், விலை பாதியாகும். 2:1 போனஸ் என்றால் இரண்டு கூடுதல், விலை மூன்றில் ஒன்றாகும். ஆனால் அமெரிக்கச் செய்தியில் 2:1 ஸ்பிளிட் என்று படித்தால் ஒன்று இரண்டாகிறது, விலை பாதி. பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கூடுதலாகத் தரும் 10% பங்கு டிவிடெண்டில் விலை 10% குறையும் என்பதும் பிழை. 100 ரூபாயை 1.10ஆல் வகுக்க வேண்டும்: 90.91.

பங்குகளின் எண்ணிக்கை ஒரே அளவு பெருகினால் இரண்டிலும் விலை ஒரே அளவுதான் குறையும். வித்தியாசம் கணக்கில். ஸ்பிளிட்டில் முகமதிப்பு உடைகிறது, கம்பெனியின் ரிசர்வ் கணக்கு அப்படியே இருக்கும். போனஸில் முகமதிப்பு மாறாது, ரிசர்வ் கணக்கிலிருந்து ஒரு தொகை பங்கு மூலதனத்துக்கு நகரும். இரண்டிலும் கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போவதில்லை.

2025 ஜூனில் பஜாஜ் ஃபைனான்ஸ் இரண்டையும் ஒரே ரெகார்ட் தேதியில் செய்தது. 2 ரூபாய் முகமதிப்புப் பங்கு, 1 ரூபாய்ப் பங்குகள் இரண்டாக உடைந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் நான்கு போனஸ். ஆக ஒன்று பத்தானது, சுமார் 9,300 ரூபாய் விலை சுமார் 930 ஆனது.

2023இல் ஒரு பங்கை 7,000 ரூபாய்க்கு வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். ஸ்பிளிட்டில் வந்த இரண்டு பங்குகளுக்கும் அடக்கவிலை தலா 3,500, வாங்கிய தேதி பழையது. போனஸாக வந்த எட்டுக்கும் வரிக் கணக்கில் அடக்கவிலை பூஜ்யம், தேதி போனஸ் ஒதுக்கிய நாள். அவர் அடுத்த மாதமே பத்தையும் 930க்கு விற்றால், உண்மையான லாபம் 2,300 ரூபாய். வரிக் கணக்கில் பழைய இரண்டில் 5,140 நீண்ட கால நஷ்டம், போனஸ் எட்டில் 7,440 குறுகிய கால லாபம். நீண்ட கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. 7,440க்கும் 20% வரி, செஸ் தவிர்த்தே 1,488 ரூபாய். போனஸ் ஒதுக்கி ஒரு வருடம் தாண்டி அதே விலைக்கு விற்றிருந்தால் எல்லாமே நீண்ட காலம், நஷ்டம் கழிந்து 2,300தான் கணக்கில் வரும். வெறும் ஸ்பிளிட்டாக இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

எக்ஸ் தேதியன்று ஆப்பில் பாதி நஷ்டம் தெரிவது

விலை அன்றே குறைந்துவிடும், போனஸ் பங்குகள் டீமேட்டுக்கு வர ஓரிரு நாளாகும். பதறி விற்காதீர்கள்.