அம்மாவின் வங்கிக் கணக்கை யார் பார்ப்பது? ஊருக்குப் போகும்போது முடிக்க வேண்டிய வேலை

இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளாதீர்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது, நடுவில் ஒரு பண்டிகை வந்துவிடும், மேனேஜர் ஒரு நாள் லீவில் இருப்பார். இறங்கிய முதல் திங்கட்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய்விடுங்கள்.

என் அம்மாவுக்கு 79 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், நான் சிங்கப்பூரில். அப்பா அரசு ஊழியராக இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. இரண்டு வருடம் முன்பு வரை ஏற்பாடு என்னவென்றால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஏடிஎம் பின் நம்பர் தெரியும், ஓடிபி வந்தால் அம்மா போனைப் பார்த்துப் படித்துச் சொல்வார். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அந்த அக்கா நல்லவர், ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஆனால் நாமே பின்னையோ ஓடிபியையோ அடுத்தவரிடம் கொடுத்து, அதனால் பணம் போனால், வங்கியில் புகார் செய்யும் வரை ஏற்படும் நஷ்டம் முழுக்க நம் தலையில்தான். 2017இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வாடிக்கையாளர் பாதுகாப்பு விதியே அப்படித்தான் சொல்கிறது.

சரி, முறையாக என்ன செய்யலாம்? இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்பதைவிட, எந்தக் கணக்கில் கொடுக்கிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். பென்ஷன் வந்து சேரும் கணக்கிலேயே தம்பியையோ அண்ணனையோ நுழைத்தால், வருடக்கணக்கில் சேர்ந்த பணம் முழுக்க அவர் கைக்கு எட்டுகிறது. அவருக்கும் அது சங்கடம், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் நமக்கும் சங்கடம். அதோடு பென்ஷன் கணக்கில் கணவன் மனைவி தவிர வேறு யாரையும் கூட்டாகச் சேர்க்கப் பொதுவாக விடவும் மாட்டார்கள். நான் போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்துவிட்டார்.

அதனால் நாங்கள் பென்ஷன் கணக்கைத் தொடவில்லை. அதே கிளையில் அம்மா பெயரில் இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்தோம். பென்ஷன் கணக்கிலிருந்து மாதம் 5ஆம் தேதி 25,000 ரூபாய் தானாக அதற்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதிக் கொடுத்தோம். பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு 14,000, மருந்துக்கு நாலாயிரத்துச் சொச்சம், மளிகை, பால், கரண்ட் பில் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த இரண்டாவது கணக்குக்கு மட்டும் சித்தி மகனான தம்பியை மேண்டேட் ஹோல்டராகப் போட்டோம். நாலு தெரு தள்ளி இருக்கிறான், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். என்ன நடந்தாலும் அவன் கையில் இருப்பது ஒரு மாதச் செலவுப் பணம்தான். அவனே, "இதுதான்ணே எனக்கும் நிம்மதி" என்றான்.

மேண்டேட் என்பது பெரிய பத்திரம் ஒன்றுமில்லை. வங்கியிடமே அதற்கான ஃபாரம் இருக்கும். "என் கணக்கில் இன்னார் கையெழுத்துப் போட்டால் அதை என் கையெழுத்தாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுப்பதுதான் சாரம். அம்மா மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி ஆதார், பான், போட்டோ கொடுத்து மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகு அவன் செக்கில் கையெழுத்துப் போடலாம், பணம் எடுக்கலாம், யாருக்காவது அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். கணக்கை மூடுவது, நாமினியை மாற்றுவது, கடன் வாங்குவது இதெல்லாம் அவனால் முடியாது. ஏடிஎம் கார்டோ நெட் பேங்கிங்கோ மேண்டேட் ஹோல்டருக்குத் தனியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் வேலை பெரும்பாலும் செக் புத்தகத்தோடுதான்.

எங்களுக்கு இடித்த இடம் கையெழுத்து. கணக்கு திறந்தபோது அம்மா போட்ட கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இப்போது கை நடுங்குகிறது, முதல் எழுத்திலேயே கோடு இழுத்துக்கொண்டு போகிறது. ஃபாரத்தில் போட்டதைக் கணினியில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றார்கள். மூன்று முறை போட்டுப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மேண்டேட் ஃபாரத்துக்கு முன்னால் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கொடுங்கள். அன்றைக்கே கேஒய்சி விவரங்களையும் பதிவான போன் நம்பரையும் சரிபார்த்துவிடுங்கள். அப்பாவின் பழைய நம்பர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

கையெழுத்தே போட முடியாத நிலை என்றாலும் வழி இருக்கிறது. பெருவிரல் ரேகை வைக்கலாம். அதை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர் என்றால் ஒரு குறி போட்டால்கூட அதே சாட்சி முறையில் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம், மேனேஜரிடம் கேளுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தருவது, கேஒய்சி ஆவணமும் ஆயுள் சான்றும் வாங்கிக்கொள்வது போன்ற சேவைகளைச் செய்யும்படியும் 2017லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கிளையில் பதிந்துவைக்க வேண்டும்.

அடுத்தது பெரிய பணம். அம்மாவின் வைப்புத்தொகையும் அதன் வட்டி வரும் கணக்கும். இதில் நான் சேர்ந்துகொண்டேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் உள்ளூர்க் கணக்கில் சேர முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், சில கிளைகளிலும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தன் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியரான நெருங்கிய உறவினரை "எய்தர் ஆர் சர்வைவர்" முறையில் சேர்க்க 2014 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் போன பிறகு மற்றவர் தொடரலாம்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. நான் அந்தக் கணக்கை அம்மாவுக்காக மட்டுமே இயக்க வேண்டும், உள்நாட்டுச் செலவுகளுக்கு மட்டுமே. என்னுடைய பணம் எதுவும் அதில் விழக்கூடாது. நம் வீட்டு வாடகையை "அம்மா கணக்குதானே" என்று அதில் போடச் சொல்லும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்குக்குப் போக வேண்டிய பணம். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினால் அந்தக் கணக்கும் என்ஆர்ஓ ஆகிவிடும். வைப்புத்தொகையில் இன்னொன்றையும் எழுதி வாங்குங்கள். ஒருவர் இறந்த பிறகு, முதிர்வுக்கு முன்பே மற்றவர் பணத்தை எடுக்கலாம் என்று இருவரும் சேர்ந்து முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒப்புதல் அது. அது இல்லாவிட்டால் முதிர்வு தேதிக்கு முன்னால் எடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் கேட்பார்கள்.

பவர் பத்திரம் எழுதினால் எல்லாம் முடிந்தது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. வீடு விற்க, நிலப் பதிவுக்கு அது வேண்டும்தான். மாதச் செலவுக்கு அவ்வளவு பெரிய சாவி தேவையில்லை. அதைவிட முக்கியமாக, மேண்டேட் ஆனாலும் பவர் ஆனாலும், கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ அது செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு இது. சில நாடுகளில் மறதி நோய் வந்த பிறகும் தொடரும்படி எழுதும் பவர் உண்டு, இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அப்பா அம்மாவுக்கு நினைவு முற்றிலும் தப்பிய பிறகு கணக்கைத் தொட வேண்டுமென்றால் பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டியதுதான். ஆகவே பெயர் மறக்க ஆரம்பித்த நிலையில் இருந்தால் "அடுத்த வருடம் பார்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள்.

எங்கள் மேனேஜர் என்னையும் தம்பியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "மாசம் எவ்வளவு போகும், யாருக்குக் கொடுக்கறீங்க, உங்க இஷ்டத்துலதான் கொடுக்கறீங்களான்னு கேட்டார். பால்காரருக்கு எவ்வளவுன்னுகூடச் சொன்னேன்" என்றார். அந்த விசாரணை நடப்பது நல்லதுதான். பின்னால் யாராவது "அம்மாவை ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்" என்று தம்பியைச் சொல்ல முடியாது.

இறப்புக்குப் பிறகு என்ன என்பதைத் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். காரியச் செலவுக்கு என்று அம்மாவின் செக்கில் அவன் கையெழுத்துப் போட்டு ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது, அந்த நிமிடத்தோடு அவன் அதிகாரம் முடிந்துவிடுகிறது. எங்கள் உறவில் ஒருவர் நல்லெண்ணத்தில் அப்படி எடுத்து, பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது. அந்தச் செலவு என் பொறுப்பு, நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாமினியும் தனி விஷயம். உயிரோடு இருக்கும்போது நாமினிக்கு எந்த அதிகாரமும் இல்லை, இறந்த பிறகும் அவர் வாரிசுகள் சார்பில் பணத்தை வாங்குபவர்தான்.

கிளம்புவதற்கு முன் மேண்டேட் ஃபாரத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் செக் புத்தகம் இருக்கட்டும், பாஸ்புக் அம்மாவிடம் இருக்கட்டும், கணக்கில் பணம் போனால் வரும் எஸ்எம்எஸ் அம்மா போனுக்கு வரட்டும். என்றைக்காவது மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டியிருந்தால் போனில் சொன்னால் போதாது. அம்மா ஒரு கடிதம் எழுதி, மிச்சமிருக்கும் செக் லீஃப்களோடு கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் நான் இப்போதே எழுதி, தேதி மட்டும் போடாமல் பாஸ்புக்குக்குள் வைத்துவிட்டு வந்தேன். தம்பிக்கும் அது தெரியும்.