ட்ரிகர் ஊசி: நேரம் தப்பினால் என்ன ஆகும்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து ஐவிஎஃப் சிகிச்சைக்குக் கோவை போகிறவர்கள், பெரும்பாலான ஊசிகளை ஊரிலேயே போட்டுக்கொள்கிறார்கள். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி பத்து நாள் போல, முட்டைப்பைகளை வளர்க்கும் ஹார்மோன் ஊசி தினமும் உண்டு. நடுவில், முட்டை தானாக வெடித்து வெளியேறாமல் தடுக்கும் ஊசியும் சேரும். வளர்க்கும் ஊசி ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கடைசியாக வரும் ட்ரிகர் அப்படியல்ல.

ஸ்கேனில் சில முட்டைப்பைகள் 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் ட்ரிகருக்கு நேரம் குறிப்பார்கள். அது முட்டையை முதிரவைத்து, பையின் சுவரிலிருந்து தளரச் செய்யும். அதற்குச் சுமார் 36 மணி நேரம் வேண்டும். அதற்கு முன்னதாகவே முட்டையை உறிஞ்சி எடுக்கப் பார்த்தால் அது முதிர்ந்திருக்காது, கையிலும் வராது. ரொம்பத் தாமதித்தால் வெடித்துப் போய்விடும்.

வியாழன் மதியம் 12.30க்கு முட்டை எடுக்கிறார்கள் என்றால், ட்ரிகர் புதன் 12.30 ஏ.எம். அதாவது செவ்வாய் ராத்திரி தூங்கப் போகும் முன். இதைப் புதன் ராத்திரி என்று படித்துவிடுவதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. அப்படிப் போட்டால் கிடைப்பது 12 மணி நேரம்தான். சீட்டு வாங்கும்போதே, “சிஸ்டர், செவ்வாய் ராத்திரி விழித்திருந்து போடணும், சரிதானே?” என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பக்கத்து கிளினிக் எட்டு மணிக்கு மூடிவிடும் என்று முன்கூட்டியே போட்டுக்கொள்வது. ராத்திரி வந்து போட ஆளை முதல் நாளே பேசிவையுங்கள். மருந்தையும் கோவையிலேயே வாங்கி, ஐஸ் கட்டி நேராகப் படாமல் எடுத்து வாருங்கள், உறைந்தால் கெட்டுவிடும். பொடியாக வரும் மருந்தில் ஒரு விபரீதம் நடக்கிறது: கரைக்கும் நீரை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். முடிந்ததும் குப்பியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி அடியில் இருந்தால் மருந்து உடம்புக்குள் போகவில்லை.

நேரம் தவறினாலோ, மருந்து சிந்தினாலோ, ராத்திரியே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் கெடுதல். உடனே சொன்னால் முட்டை எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க வழியுண்டு. மேஜைமேல் படுத்த பிறகு சொன்னால் செய்ய வழி குறைவு.

அப்புறம், ட்ரிகர் ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசியாக இருந்தால், கர்ப்பம் பார்க்கும் கார்டு அந்த மருந்தையே காட்டி இரண்டு கோடு விழவைக்கும். பத்துப் பதினான்கு நாள் வரைகூட அது ரத்தத்தில் தங்கலாம். கரு வைத்த சில நாளிலேயே கார்டு வாங்கிப் பார்க்காமல், மருத்துவர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.