தேடல் முடிவுத் தலைப்பில் எமோஜி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தமிழ்ச் சமையல் தளத்தின் பக்கத் தலைப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "🔥🍗 செட்டிநாடு கோழி வறுவல் ⭐⭐⭐⭐⭐ 👉 இப்படிச் செய்து பாருங்கள்". எழுதியவரின் திரையில் இது பளிச்சென்று தெரிகிறது. நீலத் தலைப்புகள் வரிசையாக நிற்கும் கூகுள் முடிவுகளுக்கு நடுவே தன் பக்கம் மட்டும் வண்ணத்தோடு தெரியும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் அந்தத் தலைப்பு வாசகரின் கண்ணுக்குப் போவதற்கு முன் தளத்தின் தரவுத்தளம், கூகுளின் நிரல், வாசகரின் கைபேசியில் உள்ள எழுத்துரு ஆகிய மூன்றையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. இவற்றில் எதுவும் எழுதியவர் வைத்த எமோஜியை அப்படியே காட்டக் கடமைப்பட்டதல்ல. இத்துறையில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

## எமோஜி தரவரிசையை உயர்த்தும் என்று நம்புவது

2015இல் தேடல் முடிவுகளில் எமோஜி காட்டுவதைக் கூகுள் நிறுத்தியது. பிறகு, தேடலுக்குப் பொருத்தமான இடங்களில் மட்டும் மீண்டும் காட்டத் தொடங்கியது. தலைப்பிலும் விவரக் குறிப்பிலும் எமோஜி வைக்கத் தடை இல்லை என்றும், முடிவுகளின் ஒழுங்கைக் குலைப்பதாகவோ வாசகரைத் தவறாக வழிநடத்துவதாகவோ தோன்றினால் அதைக் காட்டுவதில்லை என்றும், வண்ணமாக இருப்பதால் தரவரிசையில் எந்தச் சலுகையும் கிடைக்காது என்றும் கூகுளின் ஜான் ம்யூலர் 2022இல் விளக்கினார்.

தலைப்பையே கூகுள் மாற்றி எழுதுவதும் உண்டு. 2021 ஆகஸ்டில் தலைப்பு உருவாக்கும் முறையைத் திருத்திய அந்நிறுவனம், பக்கத்தின் `<title>` வரியைச் சுமார் 87 விழுக்காடு நேரங்களில் பயன்படுத்துவதாக அடுத்த மாதம் அறிவித்தது. எஞ்சிய நேரங்களில் பக்கத்தின் முதன்மைத் தலைப்பு போன்ற வேறு பகுதிகளிலிருந்து எடுக்கிறது. தலைப்புக்குக் கீழே வரும் சிறு விவரத்தில் நம் பிடி இன்னும் தளர்வானது. தேடுபவர் தட்டிய சொற்களுக்கு ஏற்ற வரியைப் பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்தே கூகுள் பல நேரங்களில் எடுத்துக்கொள்வதால், நாம் எழுதிவைத்த விவரக் குறிப்பும் அதிலுள்ள எமோஜியும் சில தேடல்களில் தெரியும், சிலவற்றில் தெரியாது.

எமோஜிக்கு அருகில் அதே பொருளைத் தரும் சொல்லும் இருந்தால், எமோஜி நீக்கப்பட்டாலும் தலைப்புக்குச் சேதமில்லை. மேலே சொன்ன சமையல் தலைப்பிலிருந்து எமோஜிகளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: "செட்டிநாடு கோழி வறுவல் இப்படிச் செய்து பாருங்கள்". செய்முறை என்ற சொல்லும் இல்லை, எவ்வளவு நேரமாகும் என்ற தகவலும் இல்லை. எமோஜிகள் நிரப்பிய இடத்தில் அவற்றைச் சொல்லியிருக்கலாம்.

## நட்சத்திரங்களைத் தலைப்பில் ஒட்டுவது

நம்பகத்தன்மையை மிகுதியாகக் கெடுப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சமையல் குறிப்பு போன்ற பக்கங்களில் வாசகர்கள் அளித்த மதிப்பெண்ணை, தேடுபொறி படிப்பதற்கென்று நிரலில் எழுதும் கட்டமைக்கப்பட்ட தரவாகச் சேர்த்தால், தலைப்புக்குக் கீழே நட்சத்திரங்களையும் மதிப்பிட்டவர்களின் எண்ணிக்கையையும் கூகுள் காட்டக்கூடும். அது உண்மையான மதிப்பீடுகளிலிருந்து வருவது. தலைப்பில் ஐந்து ⭐ ஒட்டுபவர் மதிப்பீடு எதுவும் இல்லாமலே அதே தோற்றத்தை உண்டாக்குகிறார்.

தளத்துக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கூகுள் முன்பே கண்டுகொண்டது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே வெளியிடும் மதிப்பீடுகளுக்கு நட்சத்திரம் காட்டுவதை 2019 செப்டம்பரில் நிறுத்தியது. அந்த வழி அடைபட்டிருக்க, சிலர் நட்சத்திரத்தைத் தலைப்பில் எமோஜியாக வைக்கிறார்கள். ✅ குறியை "சரிபார்க்கப்பட்டது" என்பது போல நிறுவனப் பெயருக்கு அருகில் வைப்பதும் இதே வகைதான். நட்சத்திரத்தைப் பார்த்து உள்ளே வரும் வாசகர், பக்கத்தில் மதிப்பெண்ணும் கருத்துரையும் தேடுகிறார். எதுவும் இல்லை என்று கண்டதும் வெளியேறுகிறார். மருத்துவம், கடன், காப்பீடு பற்றிய பக்கங்களில் இந்த ஏமாற்றம் இன்னும் கடுமையாக இருக்கும், ஏனெனில் போலிக் குறுஞ்செய்திகளிலும் மோசடி மின்னஞ்சல்களிலும் வரும் 🔥, 💰 குறிகளை மக்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

## "தமிழ் வருகிறது, எமோஜியும் வரும்" என்று கருதுவது

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 🔥, 🍗, 👉 போன்ற எமோஜிகளுக்கு 4 பைட் தேவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் `utf8` என்ற பெயரில் நெடுங்காலம் இருந்த குறியீடு ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்தான் சேமிக்கும். எனவே பழைய தமிழ்த் தளம் ஒன்று பத்தாண்டுகளாகப் பிழையில்லாமல் ஓடியிருக்கும். முதல் எமோஜியைச் சேர்க்கும் நாளில்தான் குறை வெளிப்படும்.

அது வெளிப்படும் விதம் தளத்தின் அமைப்பைப் பொறுத்தது. பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை இயங்கினால் `Incorrect string value` என்ற பிழையோடு சேமிப்பு நின்றுவிடும். அது நல்லது, ஏனெனில் உடனே தெரிந்துவிடுகிறது. கண்டிப்பு முறை இல்லாத பழைய அமைப்பில், ஏற்க முடியாத எழுத்து வரும் இடத்தோடு சரம் வெட்டப்படும். நம் எடுத்துக்காட்டில் 🔥 தலைப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் எதுவும் இல்லாததால் தலைப்பு முழுவதும் காலியாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கூகுள் வேறெங்கிருந்தோ ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் சிலர் காரணம் தேடுகிறார்கள். சரிபார்ப்பது எளிது, `pages`, `title` என்ற இடங்களில் உங்கள் அட்டவணை, பத்தியின் பெயர்களை இடவும்:

```sql
SHOW FULL COLUMNS FROM pages LIKE 'title';
SELECT id FROM pages WHERE title = '';
```

முதல் கட்டளையின் விடையில் `Collation` என்ற இடத்தில், 4 பைட் எழுத்துகளையும் சேமிக்கும் `utf8mb4` குறியீட்டின் பெயரில் தொடங்கும் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது கட்டளை, தலைப்பு காலியாக உள்ள பக்கங்களைத் தரும். தளத்தின் நிரல் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பும் `utf8mb4` ஆக இருக்க வேண்டும், அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் இதுவே இயல்பான அமைப்பு. வேர்ட்பிரஸ் 2015இல் வந்த 4.2 பதிப்பிலேயே இதற்கு மாறத் தொடங்கிவிட்டது. ஆகவே கவலைப்பட வேண்டியவர்கள் சொந்தமாக எழுதிய அல்லது நெடுநாள் தொடாத தளங்களை நடத்துபவர்கள்.

## சொல்லுக்குப் பதிலாக எமோஜியை வைப்பது

எமோஜியின் படத்தை வாசகரின் கருவிதான் வரைகிறது. ஒரு கூட்டத்தின் தேதியைச் சொல்ல 📅 வைத்தால், ஆப்பிள் கருவிகளில் அந்த நாட்காட்டியில் ஜூலை 17 என்று எழுதியிருக்கும். செப்டம்பரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அது குழப்பம்தான். புதிதாகச் சேர்க்கப்பட்ட எமோஜிகள் பழைய கைபேசியில் வெறும் கட்டமாகத் தெரியும்; பல குறிகளை இணைத்து உருவாகும் குடும்பப் படங்கள் தனித்தனி முகங்களாகப் பிரிந்து நிற்கும்.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கம் திறந்ததும் முதலில் உரக்கப் படிப்பது தலைப்பைத்தான். தேடல் முடிவுகளிலும் அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்கிறார்கள். எமோஜிக்கு அது ஒரு பெயர் சொல்லும்: 🔥 என்றால் "நெருப்பு" அல்லது ஆங்கிலக் குரலில் "ஃபயர்". ⭐ ஐந்து முறை வந்தால் அந்தப் பெயரும் ஐந்து முறை வரலாம். தமிழுக்கு நடுவே திடீரென்று ஆங்கிலக் குரல் நுழைவதையும், கோழி வறுவல் என்ற சொல்லுக்காகக் காத்திருப்பதையும் நினைத்துப் பாருங்கள். எமோஜி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று போதும். அதுவும் தலைப்பின் இறுதியில்.

## கிளிக் கூடியதும் எமோஜிக்குப் பெயர் கொடுப்பது

இந்தத் தவறைக் கவனமாக வேலை செய்பவர்களும் செய்கிறார்கள். எண்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எமோஜி சேர்ப்பதற்கு முந்தைய 28 நாட்களில், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு 4000 தோற்றங்கள், 120 கிளிக், அதாவது 3 விழுக்காடு. சேர்த்த பிறகு 28 நாட்களில் 6000 தோற்றங்கள், 240 கிளிக், 4 விழுக்காடு. எமோஜி வென்றது போலத் தெரிகிறது. ஆனால் அதே அறிக்கையில் சராசரி இடம் 7.1இலிருந்து 5.2 ஆக உயர்ந்திருக்கிறது. மேலே வந்த பக்கத்தை எமோஜி இல்லாமலும் அதிகம் பேர் கிளிக் செய்வார்கள்.

ஆகவே தேடல் சொல் வாரியாகப் பிரிக்க வேண்டும். "செட்டிநாடு கோழி வறுவல்" என்ற சொல்லுக்கு முன்பும் பின்பும் இடம் 4 ஆகவே இருந்தது. முன்பு 1500 தோற்றங்களுக்கு 75 கிளிக், பின்பு 1600க்கு 78. அதாவது 5 விழுக்காடும் 4.9 விழுக்காடும். இடம் மாறாத சொல்லில் எமோஜியால் எந்தப் பயனும் தெரியவில்லை. கூடிய கிளிக்குகள் பக்கம் மேலே ஏறிய மற்ற சொற்களிலிருந்து வந்தவை. ஒருவேளை தீபாவளி நெருங்கியதாலும் இருக்கலாம்.

நம்பத்தக்க சோதனை வேண்டுமென்றால், ஒரே மாதிரியான 40 பக்கங்களில் 20க்கு மட்டும் எமோஜி சேர்த்து, மற்ற 20ஐத் தொடாமல் விட்டு, அதே காலத்தில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். கூகுள் பக்கங்களை மீண்டும் படித்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அதைவிட முக்கியம், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் அந்தச் சொல்லைத் தேடி, எமோஜி உண்மையில் காட்டப்படுகிறதா என்று கைபேசியிலும் கணினியிலும் பார்ப்பது. காட்டப்படாத எமோஜியின் பலனை அளக்க முடியாது.

## எமோஜிக்கு ஏற்ற இடம்

வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் இணைப்பைப் பகிரும்போது தெரியும் தலைப்புக்குத் தனி வரி இருக்கிறது. தேடலுக்கான தலைப்பைச் சொற்களாலேயே எழுதிவிட்டு, எமோஜியைப் பகிர்வுத் தலைப்பில் வைக்கலாம்:

```html
<title>செட்டிநாடு கோழி வறுவல் செய்முறை: 40 நிமிடம்</title>
<meta property="og:title" content="செட்டிநாடு கோழி வறுவல் 🍗">
```

உறவினர் குழுவில் பகிரப்படும் இணைப்பில் 🍗 இயல்பாகப் பொருந்துகிறது. அனுப்பியவர் யார் என்பது அங்கே தெரியும். அவர்மேல் இருக்கும் நம்பிக்கையே இணைப்பையும் திறக்க வைக்கிறது. இந்த வரியை மாற்றிய பிறகும் முகநூல் சில நாட்கள் பழைய தலைப்பையே காட்டக்கூடும். அதன் பகிர்வுச் சரிபார்ப்புக் கருவியில் முகவரியை ஒருமுறை இட்டுப் புதிதாகப் படிக்கச் சொன்னால் மாறிவிடும்.