ஹுசார் என்றால் எந்த ஹுசார்? குதிரைப்படைப் பெயர்களில் நேரும் தவறுகள்

டிரகூன், லான்சர், ஹுசார் மூன்றும் ஒரே குதிரைப்படைதான், உடுப்புதான் வேறு என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பெயரோடு ஆண்டையும் நாட்டையும் பார்க்காவிட்டால் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது தலைகீழாகிவிடும்.

17ஆம் நூற்றாண்டு டிரகூன் குதிரைமேல் இருந்து போரிடுபவன் என்று எழுதுவது முதல் தவறு. அவன் குதிரையில் போய் இறங்கும் காலாள். 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றப் படை குதிரை வாங்கிய கணக்கே இதைக் காட்டிக்கொடுக்கும்: குதிரைவீரனின் குதிரைக்கு ஏழரைப் பவுண்டு, டிரகூனின் குதிரைக்கு 4 பவுண்டு. ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடத்தானே, மட்டக் குதிரை போதும்.

அதே ஆண்டு ஜூன் 14, அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் நேஸ்பி போர்க்களம். நாடாளுமன்றப் படையின் கர்னல் ஜான் ஓக்கி பின்னால் ஒரு புல்வெளியில் தன் டிரகூன்களுக்குத் தோட்டாவும் வெடிமருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே வந்த நாடாளுமன்றக் குதிரைப்படைத் தலைவர் கிராம்வெல் உடனே குதிரையேறச் சொன்னார். போரின் இடது ஓரத்தில் இருந்த சல்பி வேலிக்குப் போய் இறங்கி, செடிமறைவில் நின்று, பாய்ந்து வந்த அரசர் தரப்புக் குதிரைப்படையைப் பக்கவாட்டில் சுட்டார்கள். வழக்கமாகப் பத்துப் பேரில் ஒருவன் மற்றவர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். துப்பாக்கிகளை எண்ணும்போது அவனைக் கழித்துவிட வேண்டும். அன்று கடைசியில் ஓக்கியின் ஆட்கள் மறுபடி குதிரையேறித் தாக்கவும் செய்தார்கள். குதிரைமேல் இருந்து போரிடும் அந்தப் பக்கம்தான் டிரகூன் மெல்ல நகர்ந்தான். 18ஆம் நூற்றாண்டில் அவன் பெரும்பாலும் சாதாரணக் குதிரைவீரன்.

இதைவிட அதிகம் காண்பது ஹுசார் என்றாலே இலகுபடை என்று முடிவுகட்டுவது. ஹங்கேரி ஹுசார் அப்படித்தான்: வளைந்த வாள், வேகமான குதிரை, வேவு, கொள்ளை, தொந்தரவு. 1757 அக்டோபரில் ஆஸ்திரியத் தளபதி ஹாதிக் சில ஆயிரம் பேருடன் பிரஷ்யத் தலைநகர் பெர்லினுக்குள் புகுந்து, பணம் கறந்துகொண்டு, பிரஷ்யப் படை வருவதற்குள் கிளம்பிவிட்டது அந்த வகை வேலை. ஆனால் போலந்து ஹுசார் மார்புக்கவசம் போட்டு, ஐந்து மீட்டர் அளவுக்கு நீண்ட ஈட்டியோடு அணியை உடைக்கப் பாய்பவன். உள்ளே குடைந்து செய்த ஈட்டி என்பதால் அவ்வளவு நீளத்தையும் தூக்க முடிந்தது. முதல் மோதலில் முறிந்தும் போகும், அப்புறம் வாள்தான். 1605இல் ரீகாவுக்கு அருகே கிர்கோல்மில் நாலாயிரத்துக்கும் குறைவான போலந்து–லித்துவேனியப் படை, சுமார் 11,000 ஸ்வீடன் வீரர்களைச் சிதறடித்ததில் பெரும்பங்கு இவர்களுடையது.

சரி, ஈட்டி ஏந்தியவன் ஹுசார் என்றால், ஈட்டிவீரன் என்றே பொருள்படும் லான்சர் யார்? 1600 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் கைத்துப்பாக்கி வந்து ஈட்டியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. நாம் படங்களில் பார்க்கும் லான்சர், போலந்தின் உலான் என்ற ஈட்டிக் குதிரைப்படை வழியாகப் பின்னால் திரும்பி வந்த இலகு குதிரைவீரன். பிரிட்டன் 1816இல்தான் லான்சர் படைப்பிரிவுகளை வைத்துக்கொண்டது. அதற்காகப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. இருந்த இலகு டிரகூன்களின் கையில் ஈட்டியைக் கொடுத்துப் பெயரை மாற்றினார்கள்.