அடுப்புச் செலவைக் கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று அடுப்புகள் இருப்பது சகஜம். முன்னால் கேஸ், மேசையில் இன்டக்‌ஷன், கொல்லைப்புறத்தில் விறகடுப்பு. எது லாபம் என்ற பேச்சு வந்தால் பலரும் கேஸ் தோங் விலையையும் கரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான். எரிபொருள் விலையை மட்டும் பார்த்துப் பயனில்லை, பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூட்டுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

கேஸ் அடுப்பில் ஏறக்குறைய பாதிச் சூடு பாத்திரத்தைச் சுற்றி வெளியே போய்விடும். இன்டக்‌ஷனில் எண்பது, எண்பத்தைந்து விழுக்காடு உள்ளே போகும். அதனால் 14 கிலோ தோங் ஒன்று செய்யும் சமையலை இன்டக்‌ஷனில் செய்ய சுமார் 115 யூனிட் கரண்டு போதும். கட்டுப்பாட்டு விலையில் அந்தத் தோங் 26 வெள்ளி 60 காசு. வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 23 காசு வருகிறது. கரண்டு அதற்குக் கீழே கிடைத்தால் இன்டக்‌ஷன் மலிவு, மேலே போனால் கேஸ் மலிவு.

சரி, ஐந்து பேர் உள்ள வீடு, மாதம் ஒரு தோங், கரண்டு 220 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தீபகற்பத்தில் 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் ஊக்கக் கழிவு போக யூனிட்டுக்கு ஏறக்குறைய 20 காசு, பில் 44 வெள்ளி. ‘115 யூனிட்டை 20 காசால் பெருக்கினால் 23 வெள்ளி, தோங்கைவிடக் குறைவு’ என்று தோன்றும். ஆனால் மொத்தம் 335 யூனிட் ஆனதும் கழிவு குறைகிறது, அதுவும் எல்லா யூனிட்டுக்கும் சேர்த்தே குறைகிறது. இப்போது யூனிட்டுக்கு 23 காசுக்குச் சற்று மேல், பில் 78 வெள்ளி. கூடிய 34 வெள்ளியை 115 யூனிட்டால் வகுத்தால் ஒவ்வொன்றும் 30 காசு. ஆகவே இந்த வீட்டுக்குக் கேஸ்தான் மலிவு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி சேர்ந்து தோங் 30 வெள்ளி ஆனாலும் அப்படித்தான். பழைய பில்லின் சராசரி விலையை எடுக்காமல், கூடப்போகும் தொகையை மட்டும் பாருங்கள். ஏர்கான் ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

இன்டக்‌ஷனுக்கு இன்னொரு செலவும் உண்டு. அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும்.

மண்ணெண்ணெய் இப்போது அவசரத்துக்கு மட்டும்தான். ஒரு தோங் வேலைக்கு 23 லிட்டர் பக்கம் ஆகும், ஆகவே லிட்டர் 1 வெள்ளி 15 காசுக்கு மேல் போனாலே கேஸிடம் தோற்றுவிடும். புகை கண்ணுக்குத் தெரியாததால் பாதகமில்லை என்று நினைப்பதும் தவறு. திரி அடுப்பு மிக நுண்ணிய தூசியை வெளிவிடும். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிவுறுத்தியது. தீ மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கறுத்தால் திரி சரியில்லை என்று அர்த்தம்.

விறகுதான் எனக்குக் கவலை தருவது. காசு கொடுக்காமல் கிடைப்பதால் அதைச் செலவில்லாத அடுப்பு என்கிறார்கள். மூன்று கல் அடுப்பில் எட்டில் ஒரு பங்குச் சூடுதான் பாத்திரத்துக்குப் போகும். ஒரு தோங்குக்கு ஈடாகக் காய்ந்த விறகே 170, 180 கிலோ எரிக்க வேண்டும். மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரத்தை அப்படியே எரிப்பது அதைவிட மோசம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். அதைக் காய்ச்சி ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு செலவாகும், தீயும் சரியாகப் பிடிக்காமல் புகையும். இரண்டு விறகைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், பச்சை மந்தமாகக் கேட்கும். முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். சாயம் பூசிய பலகையும் ஒட்டுப்பலகையும் அடுப்புக்கு ஆகவே ஆகாது.

நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரியாகச் சொல்லும் அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய சமையலறையில் விறகு எரிந்தால் அது நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். பக்கத்தில் நிற்பவர் அம்மாவும் இடுப்புக் குழந்தையும்தான். கேஸ் வாங்கிய பிறகும் குளிக்க வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் உள்ளேயே விறகில் வைத்தால், தினம் ஒரு மணி நேரம் எரிந்தாலும் வீட்டுக் காற்று சுத்தமாகாது. அந்த ஒரு வேலையை முதலில் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள். திருவிழா அண்டா மாதிரி திறந்த வெளியில் எரியும் விறகு வேறு விஷயம்.

அப்புறம், இன்டக்‌ஷன் வாங்கினால் புகையே இருக்காது என்ற நம்பிக்கை. எரிபொருள் புகை இருக்காது, உண்மைதான். கேஸில் வரும் நைட்ரஜன் டைஆக்சைடும் இல்லை. ஆனால் சம்பல் வதக்குவதும் கருவாடு பொரிப்பதும் எந்த அடுப்பிலும் எண்ணெய்ப் புகையைக் கிளப்பும். காற்றை வெளியே தள்ளும் விசிறி அதற்குத் தேவை. வடிகட்டி மட்டும் வைத்து உள்ளேயே திருப்பி விடும் புகைக்கூண்டு போதாது.

உங்கள் வீட்டுக் கணக்குக்குப் புதுத் தோங் மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள், தீரும்வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிறகு கேஸைத் தொடாமல் ஒரு வாரம் இன்டக்‌ஷனில் சமைத்து மீட்டரை வாசித்து, வழக்கமான வாரத்தைவிட எவ்வளவு கூடியது என்று பாருங்கள்.