ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போனால் பையருக்கு எப்படி எழுதுவது?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர். 20-ஆம் தேதி அனுப்ப வேண்டும். 9-ஆம் தேதி நேவி துணியில் ஷேட் ஒத்துவரவில்லை என்று தெரிகிறது. அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "டையிங்காரர் கெடுத்துவிட்டார்" என்று எழுத வேண்டாம். அவரிடம் துணியைக் கொடுத்தது நாம்தானே. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். 20-ஆம் தேதி ஷிப்மென்ட் 27-க்குத் தள்ளிப்போகிறது, மன்னிக்கவும். நேவி லாட் நீங்கள் அப்ரூவ் செய்த ஷேடுக்கு வரவில்லை, மறுபடி சாயமேற்றுகிறோம். 14-இல் துணி வரும், 16-இல் கட்டிங், 25-இல் பேக்கிங் முடியும். வெள்ளை 20-க்கே தயார், முதலில் அனுப்பட்டுமா?"

25-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கும் இரண்டு நாள் மறுபடி ஏதாவது தாமதமானால் சமாளிக்கத்தான், அதைக் குறைத்துவிடாதீர்கள். அப்புறம், 14-ஆம் தேதி துணி வந்ததும் ஒரு துண்டு வெட்டி கூரியரில் அனுப்புங்கள். போட்டோவில் நேவியின் நிறம் சரியாகத் தெரியாது.