உதவித்தொகை விண்ணப்பத்தில் நான் சறுக்கிய பெட்டி

தரவுப் பகுப்பாய்வு கற்க ஓர் ஆன்லைன் கோர்ஸில் சேரப் போனேன். கட்டணம் கையைக் கடித்தது. பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் நிதியுதவிக்கான லிங்க் இருந்தது. பத்தே நிமிடத்தில் நிரப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று மெயில், காரணம் சொல்லவில்லை.

அனுப்பியதன் நகல் இருந்ததால் பிழைத்தேன். வருமானப் பெட்டியில் என் மாதச் சம்பளம் 18,000 என்று எழுதியிருந்தேன். பெட்டிக்கு மேலே பார்த்தால், அது கேட்டது ஆண்டு வருமானம், அதுவும் அமெரிக்க டாலரில்! படிப்பவர் கண்ணுக்கு நான் ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் டாலர் சம்பாதிப்பவன். சரி, 18,000-ஐ 12-ஆல் பெருக்கினேன், 2,16,000. அதை அன்றைய டாலர் மதிப்பால் வகுத்ததில் மூவாயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை.

காரணப் பகுதியும் சொதப்பல்தான். 'கல்வியில் ஆர்வம் அதிகம், பண வசதி இல்லை' என்ற வரி யாருக்கும் பொருந்தும். இந்த முறை சம்பளத்தில் வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும் போக மிஞ்சுவது கட்டணத்தில் பாதிகூட இல்லை என்று எழுதினேன். அப்புறம், அலுவலகத்தில் விற்பனைக் கணக்கை நான்தான் எக்செலில் போடுகிறேன், இந்த கோர்ஸின் மூன்றாம் பாடம் அதற்கு நேரடியாக உதவும் என்றும் சேர்த்தேன். பாடத்திட்டத்தைப் படித்தவன்தானே அப்படி எழுத முடியும்.

இரண்டாவது விண்ணப்பம் பதினோராம் நாள் ஏற்கப்பட்டது. அதுவரை பணம் கட்டிச் சேராமல் காத்திருந்தேன்.